பலம்–அக்கறைக் கட்டம் போடுவது எப்படி: ரியோ டின்டோவும் ஜூக்கன் குகைகளும்

பங்குதாரர், ஊழியர், கடன் கொடுத்த வங்கி, ஊர் மக்கள் என்று ஒரு நிறுவனத்தைச் சுற்றிப் பலர் நிற்கிறார்கள். ஒரு முடிவெடுக்கும்போது இவர்களில் யாரை எப்படி நடத்துவது என்று பார்க்க ஆப்ரே மென்டெலோவின் பெயரால் வழங்கும் ஒரு கட்டம் இருக்கிறது. எம்பிஏ, சிஎம்ஏ, ஏசிசிஏ படித்தவர்களுக்குப் பழக்கமானதுதான். நெடுக்கே பலம், குறுக்கே அக்கறை. பலமும் அக்கறையும் உள்ளவர்களை முடிவிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். பலம் உண்டு, அக்கறை குறைவு என்றால் திருப்தியாக வைத்திருக்க வேண்டும். அக்கறை உண்டு, பலம் இல்லை என்றால் தகவல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் குறைவு என்றால் அதிகம் மெனக்கெட வேண்டாம்.

வரைவதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடக் கட்டம் எங்கே ஏமாற்றும் என்பதைக் காட்ட, ரியோ டின்டோ சுரங்க நிறுவனத்தின் கதையைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. படிகளை அதை வைத்தே பார்ப்போம்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் ஜூக்கன் என்ற பள்ளத்தாக்கில் இரண்டு பாறைக் குகைகள் இருந்தன. ஏறக்குறைய 46,000 ஆண்டுகளாக மனிதர்கள் வந்து தங்கிய தடயம் அங்கே கிடைத்திருக்கிறது. அந்த நிலத்தின் பூர்வகுடிகளான புட்டு குண்டி குர்ரமா, பினிகுரா மக்களைச் சுருக்கமாகப் பிகேகேபி என்பார்கள். பக்கத்திலேயே ரியோ டின்டோவின் பிராக்மன் 4 இரும்புத் தாதுச் சுரங்கம். 2020 மே 24 அன்று சுரங்கத்தை விரிக்க வெடி வைத்ததில் குகைகள் அழிந்தன. நிறுவனத்திடம் அரசின் அனுமதி இருந்தது. 2013-லேயே முறைப்படி வாங்கியது. அப்படியிருந்தும் நான்கு மாதத்துக்குள் தலைமை நிர்வாகியும் இரண்டு மூத்த அதிகாரிகளும் பதவி விலகுகிறார்கள் என்ற அறிவிப்பு வந்தது.

படி 1: எந்த முடிவுக்காகக் கட்டம் போடுகிறீர்கள்?

"எங்கள் நிறுவனத்தின் ஸ்டேக்ஹோல்டர் கட்டம்" என்று தலைப்பிட்டு ஒரு தாளைச் சுவரில் ஒட்டி வைக்கிறார்கள். அதனால் பெரிய பயன் இல்லை. ஒரே வங்கிக்கு ஒரு முடிவில் அக்கறையே இருக்காது. வேறொரு முடிவில் தூக்கமே வராது. ஆகவே தாளின் மேலே ஒரே ஒரு கேள்வியை எழுத வேண்டும். அதை ஆம், இல்லை என்றோ, இது அல்லது அது என்றோ பதில் சொல்லக்கூடிய கேள்வியாக எழுத வேண்டும்.

ரியோ டின்டோவுக்கு அந்தக் கேள்வி கைவசம் இருந்தது. குழியை எப்படித் தோண்டுவது என்பதற்கு நான்கு திட்டங்கள் இருந்தன. மூன்றில் குகைகள் தப்பிக்கும். நான்காவதில் தப்பிக்காது, ஆனால் கூடுதலாகச் சுமார் 80 லட்சம் டன் தாது கிடைக்கும். அதன் மதிப்பு அப்போதைய கணக்கில் ஏறக்குறைய 13.5 கோடி ஆஸ்திரேலிய டாலர். "நான்காவது திட்டத்தை எடுப்பதா, வேண்டாமா?" என்பதுதான் நம் தாளின் தலைப்பு.

படி 2: குழுக்களை உடையுங்கள்

"பங்குதாரர்கள்" என்று ஒரே புள்ளி வைத்தால் வேலை அங்கேயே கெட்டுவிடும். ரியோ டின்டோவின் ஆகப் பெரிய பங்குதாரர் சீன அரசு நிறுவனமான சைனால்கோ. லண்டனில் பதிவான ரியோ டின்டோ பிஎல்சியில் சுமார் 14 சதவீதத்துக்கு மேல் அதனிடம் இருந்தது. இவ்வளவு பங்கு வைத்திருப்பவர்தான் எஜமான் என்று தோன்றும். ஆனால் 2008-ல் ஆஸ்திரேலிய அரசு இந்த முதலீட்டை அனுமதித்தபோதே, அனுமதி இல்லாமல் 14.99 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 15 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை இயக்குநர் ஒருவரை நியமிக்கவும் முயலக் கூடாது என்ற உறுதிமொழிகளை வாங்கிக்கொண்டது. பங்கு அதிகம், கை கட்டப்பட்டிருக்கிறது.

இன்னொரு பக்கம் ஆஸ்திரேலியத் தொழிலாளர்களின் ஓய்வூதியப் பணத்தை நிர்வகிக்கும் சூப்பர் நிதியங்கள். ஆஸ்திரேலியன்சூப்பர், ஹெஸ்டா போன்றவை தனித்தனியாகப் பார்த்தால் சைனால்கோ அளவுக்குப் பெரிய பங்குதாரர்கள் அல்ல. ஆனால் அவற்றுக்கென ஒரு பொது அமைப்பு இருக்கிறது, சேர்ந்து பேசுகின்றன, ஊடகமும் அவற்றைக் கவனிக்கிறது. மூன்றாவது வகை, பங்கை வாங்கிவிட்டு ஈவுத்தொகையை மட்டும் பார்க்கும் சிறு முதலீட்டாளர்கள். ஆக மூன்று புள்ளிகள்.

ஊழியர்களையும் இப்படியே பிரிக்க வேண்டும். சுரங்கத்தில் வேலை செய்பவர்கள் ஒரு புள்ளி. பூர்வகுடிகளோடு பேசவும் தொல்லியல் ஆய்வுகளைக் கவனிக்கவும் நிறுவனத்துக்குள்ளேயே இருந்த பாரம்பரியப் பிரிவு இன்னொரு புள்ளி. ஊர் மக்கள் என்ற பெயரில் பிகேகேபியின் சார்பாகப் பேசும் அமைப்பும், தொல்லியல் அறிஞர்களும், மாநில அரசும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது. எதுவரை உடைப்பது? ஒரு குழுவுக்குள் இருக்கும் இரண்டு பேர் அந்தக் கேள்விக்கு வேறு வேறு பதில் சொல்வார்கள் என்றால் உடையுங்கள். ஒரே பதில்தான் என்றால் விட்டுவிடுங்கள்.

படி 3: பலத்தை அளப்பது

இங்கேதான் நிறையப் பேர் ஊகத்தில் புள்ளி வைக்கிறார்கள். ஒவ்வொரு குழுவைப் பற்றியும் மூன்று கேள்வி கேளுங்கள். இவர்களால் சட்டப்படி இதை நிறுத்த முடியுமா? பணத்தையோ உழைப்பையோ நிலத்தையோ தராமல் நிறுத்திக்கொள்ள முடியுமா? நிர்வாகத்தை மாற்ற முடியுமா? ஒவ்வொரு "முடியும்" என்பதற்கும் ஒரு மதிப்பெண். கூடவே "எத்தனை நாளில்?" என்பதையும் எழுதுங்கள். நீதிமன்றத் தடை ஒரே நாளில் வரலாம். பங்குதாரர் கூட்டத்து வாக்கெடுப்புக்கு ஒரு வருடம்கூட ஆகும்.

கடன் கொடுத்தவர்களின் பலத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 2019 முடிவில் ரியோ டின்டோவின் நிகரக் கடன் 370 கோடி அமெரிக்க டாலர். அந்த வருடம் வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம் 2,120 கோடி டாலர். கடன் அந்த லாபத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இப்படி ஒரு நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த வங்கியால் ஒரு குழித் திட்டத்தில் தலையிட முடியாது; தலையிட அதற்குக் காரணமும் இல்லை. ஒரு மதிப்பெண்கூடத் தேறாது. பலமும் அக்கறையும் குறைந்த கட்டத்தில் வைத்துவிட்டு நகரலாம்.

உங்கள் நிறுவனத்தில் கணக்கு வேறாக இருக்கும். கடன் லாபத்தைப் போல் நான்கு மடங்கு இருந்து, மூன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது என்று கடன் ஒப்பந்தத்தில் நிபந்தனையும் இருந்தால், வங்கி எல்லாருக்கும் மேலே போய்விடும். இந்தியாவில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 2016-ல் வந்த திவால் சட்டத்தின்படி ஒரு நிறுவனத்தின் மீதான மனுவைத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்ட பிறகு, இயக்குநர் குழுவின் அதிகாரம் முடக்கப்படுகிறது. தீர்வுத் திட்டத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் குழுவில் 66 சதவீத வாக்கு வேண்டும். அதுவரை மூலையில் இருந்த வங்கி மேலே ஏறுகிறது, உச்சியில் இருந்த பங்குதாரர் ஓரத்துக்குப் போகிறார். வங்கியின் புள்ளியை வைக்கும் முன் கடன் ஒப்பந்தத்தை எடுத்து நிபந்தனைப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். நிதிப் பிரிவு வாய்வழியாகச் சொல்வதை நம்பாதீர்கள்.

ஊழியர் பலம் மாற்று ஆள் கிடைப்பதைப் பொறுத்தது, சங்கத்தைப் பொறுத்தது. பில்பராவில் ரியோ டின்டோ தானியங்கி லாரிகளையும், 2018-லிருந்து ஓட்டுநர் இல்லாத தாது ரயில்களையும் ஓட்டுகிறது. வேலையை நிறுத்தி உற்பத்தியை முடக்கும் பலம் அங்கே தேய்ந்துகொண்டிருந்தது. பாரம்பரியப் பிரிவுக்கோ எந்தத் திட்டத்தையும் நிறுத்தும் அதிகாரம் இல்லை.

பிகேகேபிக்கு? அப்போது நடப்பில் இருந்த 1972-ஆம் ஆண்டின் மாநிலப் பாரம்பரியச் சட்டத்தின் 18-வது பிரிவின்படி, நிலத்தில் உரிமை வைத்திருப்பவர் அமைச்சரிடம் அனுமதி கேட்கலாம். முடிவு பிடிக்கவில்லை என்றால் அவர் மேல்முறையீடும் செய்யலாம். பூர்வகுடிகளுக்கு அந்த உரிமை கிடையாது. போதாக்குறைக்கு நிறுவனத்தோடு அவர்கள் செய்திருந்த ஒப்பந்தத்தில் பொதுவெளியில் எதிர்த்துப் பேசுவதைக் கட்டுப்படுத்தும் ஷரத்துகளும் இருந்தன. மூன்று கேள்விக்கும் "முடியாது". மதிப்பெண் பூஜ்யம்.

படி 4: அக்கறையை அளப்பது

அக்கறையை அளக்க "இவர்கள் என்ன நினைப்பார்கள்" என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். யாரும் கூப்பிடாமலே அவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கடிதம் போட்டார்களா, கூட்டத்துக்கு வந்தார்களா, நேரில் பார்க்க அனுமதி கேட்டார்களா? பிறகு இந்த முடிவால் அவர்கள் இழப்பது என்ன, அதைத் திரும்பப் பெற முடியுமா என்று எழுதுங்கள்.

அக்கறை ஒரே இடத்தில் நிற்காது. 2013-ல் அனுமதி கிடைத்தது. 2014-ல் அழிவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியதை எடுக்கலாம் என்று குகையில் அகழாய்வு நடந்தது. அதில் சுமார் 7,000 பொருட்கள் கிடைத்தன. 28,000 ஆண்டு பழமையான கங்காரு எலும்புக் கருவி ஒன்று. மனிதத் தலைமுடியால் பின்னிய, சுமார் 4,000 ஆண்டு பழமையான ஒரு பின்னல். அதன் மரபணு இன்று வாழும் பிகேகேபி மக்களோடு ஒத்துப்போனது. அனுமதி கேட்டபோது முழுதாகத் தெரியாத மதிப்பு, அனுமதி கிடைத்த மறுவருடம் தெரிந்தது. அதன் பிறகு வெடி வைக்கும்வரை ஏறக்குறைய ஆறு வருடம் இருந்தது. முடிவு மட்டும் மாறவில்லை.

படி 5: புள்ளிகளை வைப்பது

2013 நிலவரத்துக்கு இப்போது நாமே கட்டம் போடலாம். மாநில அரசும் நிறுவனத்தின் இரும்புத் தாதுப் பிரிவும் பலம், அக்கறை இரண்டும் உள்ள கட்டத்தில். சூப்பர் நிதியங்கள் பலம் உண்டு, அக்கறை இல்லை என்ற கட்டத்தில். ஒரு குழித் திட்டத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரியவே தெரியாது. சைனால்கோ அதே கட்டத்தில் கொஞ்சம் கீழே. வங்கிகளும், இந்த முடிவைப் பொறுத்தவரை சுரங்கத் தொழிலாளர்களும் அதிகம் மெனக்கெட வேண்டாத கட்டத்தில். பிகேகேபியும் நிறுவனத்தின் சொந்தப் பாரம்பரியப் பிரிவும் அக்கறை அதிகம், பலம் இல்லை என்ற கட்டத்தில்.

இந்தக் கட்டத்தை ஒரு தேர்வுத்தாளில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். அதன் அறிவுரை இதுதான்: பிகேகேபிக்குத் தகவல் சொல்லுங்கள், அது போதும். அந்தக் குறைந்தபட்சம்கூட அங்கே நடக்கவில்லை என்பது பிறகு நாடாளுமன்ற விசாரணையில் தெரியவந்தது. குகைகள் தப்பிக்கும் மூன்று திட்டங்கள் இருந்ததையே அவர்களிடம் சொல்லவில்லை. 2020 மே மாதம், ஜூலையில் பூர்வகுடிகளின் பண்பாட்டைக் கொண்டாடும் நெய்டாக் வாரத்துக்காகக் குகைகளைப் பார்க்க வர வேண்டும் என்று அவர்கள் கேட்டபோதுதான், வெடி வைப்பதற்கான வேலை நடந்துகொண்டிருப்பது தெரிந்தது.

படி 6: அம்புகளைப் போடுங்கள்

பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்தப் படிதான். என்னைக் கேட்டால் மற்ற எல்லாப் படியையும்விட இதற்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

பலம் இல்லாதவரின் புள்ளியிலிருந்து தொடங்கி ஒரே கேள்வி கேளுங்கள்: இவர் வாய் திறந்தால் எந்தப் பலசாலி காது கொடுப்பார்? அந்தப் பலசாலிக்கு ஒரு அம்பு போடுங்கள். அம்பின் மேல் "எது நடந்தால்?" என்று எழுதுங்கள். பலம் உண்டு, அக்கறை இல்லை என்ற கட்டத்தில் இருப்பவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும் பலசாலிகள். அவர்களை எழுப்ப ஒரு செய்தி போதும்.

ஜூக்கனில் அது எப்படி நடந்தது என்று தேதி வாரியாகப் பார்க்கலாம். மே 24 வெடிப்பு. மே 31 நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அடுத்து நாடாளுமன்ற விசாரணை. தலைமை நிர்வாகி ழான்-செபாஸ்டியன் ஜாக், குகைகளின் முக்கியத்துவம் தனக்கு வெடிப்புக்குப் பிறகே தெரிந்தது என்றார். ஆகஸ்ட் 24 அன்று இயக்குநர் குழு தன் ஆய்வை வெளியிட்டது. தலைமை நிர்வாகி, இரும்புத் தாதுப் பிரிவின் தலைவர், நிறுவன உறவுகள் பிரிவின் தலைவர் ஆகிய மூவரின் போனஸில் வெட்டு, பதவிக்கு ஆபத்தில்லை. அங்கேதான் சூப்பர் நிதியங்கள் வெளிப்படையாக எழுந்து வந்தன. போனஸ் வெட்டு போதாது, யார் பொறுப்பு என்று கேட்டன. செப்டம்பர் 11 அன்று மூவரும் விலகுவதாக அறிவிப்பு. 2021 மார்ச்சில் இயக்குநர் குழுத் தலைவர் சைமன் தாம்சனும் மறுபடி போட்டியிடப்போவதில்லை என்றார். அந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகிகளின் சம்பள அறிக்கைக்கு எதிராக 60 சதவீதத்துக்கும் மேல் வாக்கு விழுந்தது.

கவனியுங்கள், இந்த நான்கு மாதத்தில் பிகேகேபிக்குச் சட்டப்படி ஒரு அதிகாரமும் புதிதாக வரவில்லை. மதிப்பெண் அதே பூஜ்யம். அவர்கள் பக்கம் வேறு ஒருவரின் பலம் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். 2013 கட்டத்தில் பிகேகேபி புள்ளியிலிருந்து சூப்பர் நிதியங்களுக்கு ஒரு அம்பு போட்டு, "குகை அழிந்த செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தால்" என்று யாராவது எழுதியிருந்தால், 13.5 கோடி டாலர் தாதுவுக்கு எதிரே வைத்துப் பார்க்க ஒரு கணக்காவது இருந்திருக்கும்.

சரி, எல்லாப் புள்ளியிலிருந்தும் எல்லாப் பலசாலிக்கும் அம்பு போட்டால் தாள் சிலந்தி வலையாகிவிடுமே? ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம். அந்த இருவருக்கும் இடையே ஏற்கெனவே ஒரு பாதை இருக்க வேண்டும்: பொதுவான உறுப்பினர், ஒரு கொள்கை ஆவணம், ஒரு ஒழுங்குமுறை ஆணையம், அல்லது முன்பு நடந்த ஒரு சம்பவம். சூப்பர் நிதியங்கள் தங்கள் முதலீட்டுக் கொள்கைகளில் சமூகப் பொறுப்பைப் பற்றி எழுதி வைத்திருந்தன, பாதை இருந்தது. வங்கிகளுக்கு அந்தச் சமயத்தில் அப்படி ஒரு அம்பு தேவைப்படவில்லை. அதுவே ஒரு தனித் திட்டத்துக்கென்று வாங்கிய கடனாக இருந்தால், சுற்றுச்சூழல், சமூக நிபந்தனைகள் ஒப்பந்தத்திலேயே இருக்க வாய்ப்புண்டு. ஊர் மக்களின் புகார் நேராக வங்கிக்குப் போகும். அங்கே அம்பைத் தடிமனாகப் போடுங்கள்.

படி 7: கட்டத்துக்கு அடங்காதவற்றை வெளியே எடுங்கள்

யாரால் நமக்கு என்ன ஆகும் என்பதை இந்தக் கட்டம் காட்டும். நம்மால் யாருக்கு என்ன ஆகும் என்பதைக் காட்டாது. 1997-ல் மிட்செல், அகிள், வுட் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் பலத்தோடு நியாயம், அவசரம் என்ற இரண்டையும் சேர்க்க வேண்டும் என்றார்கள். மூன்றையும் சேர்த்து வரைந்தால் படம் சிக்கலாகிவிடும் என்பதால் நான் சொல்லும் குறுக்குவழி இது: ஒவ்வொரு குழுவின் பக்கத்திலும், அவர்கள் இழப்பதைத் திருப்பித் தர முடியாது என்றால் ஒரு நட்சத்திரம் போடுங்கள். நட்சத்திரம் உள்ளவர்களை எந்தக் கட்டத்தில் இருந்தாலும் "தகவல் சொன்னால் போதும்" என்று விடக் கூடாது. அவர்களிடம் மாற்றுத் திட்டங்களையும் காட்டிப் பேச வேண்டும். அவர்களுக்காக முடிவை நிறுத்தி வைக்க நிறுவனத்துக்குள் ஒருவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். ஈவுத்தொகை குறைந்தால் அடுத்த வருடம் கொடுக்கலாம், கடன் தவணையைத் தள்ளி வைக்கலாம். குகையைத் தள்ளி வைக்க முடியாது.

படி 8: ஒவ்வொரு குழுவுக்கும் நான்கு வரி

புள்ளியும் அம்பும் போட்டுவிட்டுக் கோப்பில் வைத்தால் ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு குழுவுக்கும் எழுத வேண்டியவை: என்ன சொல்லப்போகிறோம், யார் சொல்வது, அவர்கள் பதில் சொன்னால் முடிவில் எது மாறலாம், அந்தப் பதில் எந்தத் தேதிக்குள் யார் மேசைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது வரியில் "எதுவும் மாறாது" என்று வந்தால் அதையும் நேர்மையாக எழுதுங்கள். கலந்தாலோசனை என்று பெயர் வைத்துக் கூட்டம் போட்டு, முடிவை முன்பே எடுத்து வைத்திருந்தால் ஊர் மக்கள் இரண்டாவது கூட்டத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். வருகிறவர்கள் குறைவது அதன் முதல் அடையாளம். அதை "எதிர்ப்பு தணிந்துவிட்டது" என்று அறிக்கையில் எழுதும் மேலாளர்கள் உண்டு.

நான்காவது வரிதான் ரியோ டின்டோவில் இல்லாமல் போனது. குகைகளின் மதிப்பு தெரிந்தவர்கள் நிறுவனத்துக்குள்ளேயே இருந்தார்கள்; அது வெடியை நிறுத்தக்கூடியவர் மேசைக்குப் போய்ச் சேரவில்லை. ஆகவே உங்கள் தாளில் பலமில்லாத ஊழியர் பிரிவு ஒன்று அக்கறை அதிகமுள்ள கட்டத்தில் இருந்தால், அவர்களை ஊழியர்களாக மட்டும் பார்க்காதீர்கள். வெளியே இருக்கும் குழுவைப் பற்றி உங்களுக்கு முதலில் செய்தி சொல்லப்போவது அவர்கள்தான். அவர்கள் யாருக்கு அறிக்கை கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். விளம்பரம், மக்கள் தொடர்புப் பிரிவுக்கு என்றால் மாற்றுங்கள்.

படி 9: எப்போது மறுபடி போடுவது?

மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் சில சம்பவங்கள் நடந்தால் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. புதிய தகவல் கிடைப்பது, சட்டம் மாறுவது, கடன் நிபந்தனை எல்லையை நெருங்குவது, பெரிய பங்கு கை மாறுவது, அப்புறம் முடிவுக்கும் செயலுக்கும் இடையே ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி விழுவது. கடைசியாகச் சொன்னது ஜூக்கனுக்கு நேரடியாகப் பொருந்தும்: 2013 அனுமதியை வைத்து 2020-ல் வெடித்தார்கள்.

சட்டம் மாறுவதற்கும் அதே இடம் உதாரணம். மேற்கு ஆஸ்திரேலியா 2021-ல் புதிய பாரம்பரியச் சட்டம் இயற்றி, 2023 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெற்றது. பழைய 1972 சட்டம் திருத்தங்களோடு மீண்டும் வந்தது. அந்தத் திருத்தங்களில் ஒன்று, 18-வது பிரிவின் கீழ் அமைச்சர் எடுக்கும் முடிவை மறுஆய்வு செய்யக் கேட்கும் உரிமையைப் பூர்வகுடி நில உரிமைத் தரப்புக்கும் கொடுக்கிறது. இன்னொன்று, அனுமதி வாங்கிய பிறகு புதிய தகவல் தெரிந்தால் அதை அமைச்சருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பில்பராவில் இன்று ஒரு சுரங்க நிறுவனம் இந்தக் கட்டத்தைப் போட்டால், பூர்வகுடிகளின் புள்ளியைப் படி 3-லேயே மேலே நகர்த்த வேண்டியிருக்கும்.